இருபத்தோராவது கிலோலிட்டர்

சந்தையில் பத்துத் தேங்காய் வாங்குகிறவருக்கும் நூறு தேங்காய் வாங்குகிறவருக்கும் காய் ஒன்றுக்கு ஒரே விலை சொல்லும் வியாபாரி அரிது. நூறு காய் எடுப்பவர் பேரம் பேசாமலே கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். சில்லறை விலை, மொத்த விலை என்ற இரண்டு சொற்களும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் பிறந்தன. வாங்கும் அளவு இருமடங்கானால் தொகையும் சரியாக இருமடங்காகும் என்றால் அதை நேர்விகித விலை என்கிறோம். வரைபடத் தாளில் அதை வரைந்தால் மூலையிலிருந்து கிளம்பும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அளவைப் பொறுத்து ஓர் அலகின் விலையே மாறுமானால் கோடு வளையும், அல்லது மடியும். பொருளியலார் இதை நேர்விகிதமற்ற விலை என்று அழைக்கிறார்கள்.

தேங்காய் வியாபாரியின் கோடு மேலே போகப் போகத் தணிந்து சாயும். உலகின் பல நகரங்களில் வீட்டுக்குக் குடிநீர் விற்கும் பொது நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் எடுக்கும் நீருக்கு மிகக் குறைந்த விலை, அடுத்த பகுதிக்கு அதிகம், அதற்கும் மேலே போனால் இன்னும் அதிகம். படிக்கட்டுப் போல விலை ஏறுவதால் இதை ஏறுபடிக் கட்டணம் என்று சொல்வோம். இதற்குச் சொல்லப்படும் நியாயம் கேட்க இனிமையானது. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வேண்டிய நீர் ஏழைக்கும் மலிவாகக் கிடைக்கட்டும். தோட்டத்துக்கும் காருக்கும் கொட்டுகிறவர் கூடுதலாகத் தரட்டும். அந்தக் கூடுதலைக் கொண்டு நிறுவனம் தன் செலவைச் சரிக்கட்டட்டும். ஒரே கட்டணத்தில் கருணை, சிக்கனம், வருமானம் மூன்றும் வந்துவிடுகின்றன என்று சொல்லப்படுகிறது.

உண்மையில் வருகின்றனவா என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வாங்குகிறவர்கள் சும்மா இருப்பதில்லை என்பதை முதலில் கவனியுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற இடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். சேருவது லாபம். ஏறுபடிக் கட்டணத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. சேர்ந்து வாங்கினால் நஷ்டம், பிரிந்து வாங்கினால் லாபம். இரண்டு மாடி வீட்டுக்காரர் மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு இணைப்பு வாங்கிக்கொண்டால் மலிவான முதல் படி அவருக்கு இரண்டு முறை கிடைக்கும். ஆனால் பிரிவதற்குச் சொந்த வீடு வேண்டும், இணைப்புக் கட்டணம் வேண்டும், விண்ணப்பத்தில் போட ஒரு பத்திரம் வேண்டும். இவை எல்லார் கையிலும் இல்லை. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கு எளிதாகப் புரியும்.

டில்லியின் கட்டணம்

உதாரணத்துக்கு டில்லி மாநகரை எடுத்துக்கொள்வோம். அங்கே குடிநீர் வழங்கும் நிறுவனம் டில்லி ஜல் போர்டு. 2015 மார்ச்சு முதல் அங்கே ஒரு சலுகை வந்தது. மீட்டர் பொருத்திய வீட்டிணைப்பில் மாதம் 20 கிலோலிட்டர் வரை எடுத்தால் கட்டணமே இல்லை. ஒரு கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர்; பதினைந்து லிட்டர் வாளியில் சுமார் அறுபத்தாறு வாளி. ஆனால் சலுகையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. இருபதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முதல் லிட்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும்.

எவ்வளவு கட்ட வேண்டும்? 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விகிதங்களைக் கொண்டு கணக்கிடுவோம். முதல் 20 கிலோலிட்டருக்கு ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாய் 27 காசு. இருபதுக்கு மேல் முப்பது வரை ஒவ்வொன்றுக்கும் 26 ரூபாய் 36 காசு. முப்பதுக்கு மேல் 43 ரூபாய் 93 காசு. இப்படி வரும் நீர்க் கட்டணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு கழிவுநீர்ப் பராமரிப்புக்காகச் சேரும். இவற்றுக்கு மேல் மாதந்தோறும் ஒரு நிலையான சேவைக் கட்டணம். அதுவும் படி ஏற ஏறக் கூடும். இருபது முதல் முப்பது வரை எடுப்பவருக்கு அது 219 ரூபாய் 62 காசு. முப்பதைத் தாண்டினால் 292 ரூபாய் 82 காசு.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு வீட்டில் மாதம் சரியாக 20 கிலோலிட்டர் ஓடியிருக்கிறது. தொகை பூஜ்யம். பக்கத்து வீட்டில் 21 ஓடியிருக்கிறது. முதல் இருபதுக்கு 105 ரூபாய் 40 காசு, இருபத்தோராவதுக்கு 26 ரூபாய் 36 காசு, ஆகமொத்தம் 131 ரூபாய் 76 காசு. அதில் அறுபது சதவீதம் 79 ரூபாய் 6 காசு. சேவைக் கட்டணம் 219 ரூபாய் 62 காசு. கூட்டினால் 430 ரூபாய் 44 காசு. ஆக, இருபத்தோராவது கிலோலிட்டரின் விலை நானூற்று முப்பது ரூபாய். கட்டணப் பட்டியலில் அதற்கு எதிரே அச்சாகியிருப்பதோ 26 ரூபாய் 36 காசு!

பட்டியலைப் படித்தால் தெரியாத இந்த விஷயம் வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். கிடையாக நீரின் அளவையும் செங்குத்தாக ரூபாயையும் குறியுங்கள். சாதாரண ஏறுபடிக் கட்டணத்தில் கோடு ஒவ்வொரு படியின் எல்லையிலும் முழங்கை மடிப்பது போல மடிந்து, முன்னைவிடச் செங்குத்தாகப் போகும். ஆனால் அறுந்துபோகாது. எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் தொகையும் கொஞ்சம்தான் கூடும். டில்லியின் படத்தில் கோடு இருபது வரை தரையோடு தவழ்கிறது. அங்கே திடீரென்று அறுந்து நானூறு ரூபாய் உயரத்தில் மறுபடி தொடங்குகிறது. இதை மடிப்பு என்று சொல்வதற்கில்லை; இது ஒரு சுவர். கட்டணம் வகுக்கிறவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். விளைவிலோ இவை மிகவும் வேறானவை.

சுவருக்கு இரு பக்கமும்

மாதம் 23 கிலோலிட்டர் எடுக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வரும் தொகை 514 ரூபாய் 79 காசு. மூன்று கிலோலிட்டர் குறைத்தால், அதாவது நாளொன்றுக்கு நூறு லிட்டர் மிச்சம் பிடித்தால், அவ்வளவும் மிச்சம். நூறு லிட்டர் என்பது ஆறேழு வாளி, முயன்றால் முடியும். சுவருக்கு அருகில் நிற்பவர்களிடம் இந்தக் கட்டணம் சிக்கனத்தை உண்டாக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் சுவரிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பவர்களைப் பாருங்கள். மாதம் பன்னிரண்டு எடுக்கும் வீட்டில் குழாய் வாசர் தேய்ந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. மாற்றினாலும் பூஜ்யம், மாற்றாவிட்டாலும் பூஜ்யம். இருபது வரை ஒவ்வொரு லிட்டரும் இலவசம் என்றால் அதை மிச்சம் பிடிக்கப் பணம் ஒரு காரணமாக இருக்காது. இன்னொரு பக்கம், ஒன்பது பேர் கொண்ட குடும்பம் மாதம் 28 எடுக்கிறது. அவர்களால் எட்டு கிலோலிட்டரைக் குறைக்க முடியாது. தலைக்கு நூறு லிட்டருக்கு மேல் சற்றுக் கூடுதலாகத்தான் அவர்களே புழங்குகிறார்கள். எனவே சிக்கனத்துக்கான தூண்டுதல் எல்லாம் ஒரே இடத்தில், சுவரடியில் குவிந்துகிடக்கிறது.

குவிவது தூண்டுதல் மட்டுமல்ல. மீட்டர் என்பது ஒரு கருவி. எந்தக் கருவிக்கும் பிழை உண்டு. வேளை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் குழாய் திறந்தவுடன் முதலில் காற்றுதான் சீறிக்கொண்டு வருகிறது. மீட்டருக்குள் இருக்கும் சிறு சக்கரத்துக்குக் காற்றும் ஒன்றுதான், நீரும் ஒன்றுதான், தள்ளினால் சுழலும். நேர்விகிதக் கட்டணமானால் அரைக் கிலோலிட்டர் பிழைக்கு ஐந்தோ பத்தோ ரூபாய் கூடும். சுவர் உள்ள கட்டணத்தில் 19 ஆயிரத்து 800 லிட்டர் எடுத்த வீட்டுக்கு அதே பிழை நானூறு ரூபாயைக் கொண்டுவந்து வைக்கும். அளவு எடுப்பவர் சில நாள் தாமதமாக வந்தாலும் இதே கதைதான். எத்தனை நாளுக்கான அளவு என்று பார்த்து எல்லையை விரித்துக் கணக்கிடாவிட்டால் நாட்காட்டியே வீட்டைச் சுவருக்கு அப்பால் தள்ளிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் அளவு எடுப்பவருடைய பேனாவுக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. 21 என்று எழுதுவதற்கும் 20 என்று எழுதுவதற்கும் நானூறு ரூபாய் வித்தியாசம் என்றால், அந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்ள வாசலில் நின்று பேசத் தோன்றாதா? எந்த ஊர் நிறுவனமும் இதைத் தன் பேரேட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மாதம் 15, 16, 17 என ஒவ்வோர் அளவிலும் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பட்டை வரைபடம் போட வேண்டும். சுவர் வேலை செய்கிறதென்றால் பத்தொன்பதிலும் இருபதிலும் ஒரு குன்று எழும்பும். அடுத்து இருபத்தொன்று, இருபத்திரண்டில் ஒரு பள்ளம் விழும். அந்தக் குன்று சிக்கனத்தால் வந்ததா, பேனாவால் வந்ததா? மீட்டரின் எண்கள் பொய் சொல்லாமல் கூட்டிக்கொண்டே போகின்றன. எழுத்தில் மறைத்த நீர் அதிலேயே தங்கியிருக்கும். அளவு எடுப்பவரைப் பகுதி மாற்றிவிட்டு, புதியவர் எடுக்கும் முதல் அளவைப் பாருங்கள். இருபதிலேயே உட்கார்ந்திருந்த வீடுகளில் திடீரென்று நாற்பது, ஐம்பது என்று வந்தால் முன்பு நடந்தது என்னவென்று விளங்கிவிடும். உண்மையான சிக்கனமானால் குன்று அப்படியே நிற்கும்.

மீட்டருக்குப் பின்னால் எத்தனை பேர்?

சுவரைத் தகர்த்துவிட்டு வெறும் மடிப்போடு நிறுத்திக்கொண்டால் குறை தீர்ந்துவிடுமா? அப்படித் தோன்றலாம். இல்லை. இதுவரை சொன்னவை டில்லிக் கட்டணத்துக்கே உரிய குறைகள். இனிச் சொல்லப் போவது ஏறுபடிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை.

இருபது கிலோலிட்டர் என்ற எண்ணை எடுத்து முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 667 லிட்டர். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் தலைக்கு 133 லிட்டர். நம் நாட்டில் கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. அதோடு இது பொருந்தி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் 2001-இல் தொடங்கிய இலவச அடிப்படை நீர்த் திட்டத்தில் எல்லை மாதம் 6 கிலோலிட்டர். அங்கே எடுத்துக்கொண்ட கணக்கு வீட்டுக்கு எட்டுப் பேர், தலைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். இரண்டிலும் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். தலைக்கணக்கில் யோசித்துவிட்டு, கட்டணத்தை வீட்டுக்கணக்கில் எழுதிவிட்டார்கள். இடையில் ‘வீட்டுக்கு இத்தனை பேர்’ என்ற ஓர் அனுமானம் ஒளிந்துகொண்டிருக்கிறது. கட்டணப் பட்டியலில் அதை யாரும் அச்சிடுவதில்லை. மீட்டருக்கு ஓடிய நீர் தெரியும். குடித்த வாய்கள் தெரியாது.

அனுமானம் பொய்யாகும்போது நடப்பது இது. நகரத்தில் ஒரு பழைய வீடு. முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம். குடித்தனத்துக்கு நான்கு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர். வாசலில் ஒரே மீட்டர். ஒவ்வொரு குடித்தனமும் மாதம் 10 கிலோலிட்டர் புழங்குகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 83 லிட்டர், திட்ட அளவைவிட வெகுவாகக் குறைவு. மீட்டரில் ஓடியது 30. நீருக்கு 369 ரூபாய், கழிவுநீருக்கு 221 ரூபாய் 40 காசு, சேவைக்கு 219 ரூபாய் 62 காசு. ஆகமொத்தம் 810 ரூபாய். குடித்தனத்துக்கு 270 ரூபாய்.

அதே தெருவில் ஒரு தனி வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். மாதம் 20 கிலோலிட்டர் எடுக்கிறார்கள். தலைக்கு நாளொன்றுக்கு 333 லிட்டர். அவர்கள் கட்டுவது ஒன்றுமில்லை.

முற்றத்தில் ஆறு குடித்தனம் இருந்தால் இன்னும் மோசம். இருபத்துநான்கு பேர், அதே 83 லிட்டர். மீட்டரில் 60. தொகை 2,992 ரூபாய், குடித்தனத்துக்கு 499. கிலோலிட்டருக்கு ஏறத்தாழ 50 ரூபாய் ஆகிறது. இவர்கள் யாராவது ஒருவர் தனி மீட்டர் வைத்திருந்தால் அந்தப் பத்துக் கிலோலிட்டரும் இலவசம். தோட்டக்காரர்களுக்கென்று வைத்த மேல்படி விலையை ஒட்டுக்குடித்தனக்காரர்கள் கொடுக்கிறார்கள். சேர்ந்து வாங்கினால் நஷ்டம் என்று தொடக்கத்தில் பார்த்தோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. பிரிந்துகொள்ள முடிந்தவர்கள் பிரிந்துகொண்டார்கள். முடியாதவர்கள் முற்றத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ரசீதைக் காட்டாமல் தண்ணீருக்கென்று மாதம் ஒரு தொகை வாங்குவது வழக்கமானால், அவர்கள் தருவது இதைவிடக் கூடவும் இருக்கலாம். தண்ணீர் லாரிக்கும் தெருக் குழாய்க்கும் குடத்தோடு நிற்கிறவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. மீட்டர் இல்லாத அவர்களுக்கு முதல் படியே கிடையாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. டேல் விட்டிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1992-இலேயே இதை எழுதினார். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் குமாசி நகரில் ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாடகைக்கு வசிப்பது சாதாரணம். அத்தனை குடும்பங்களின் நீரும் ஒரே இணைப்பில் ஓடி மேல்படிக்கு ஏறிவிடுகிறது என்று அவர் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புதிய கட்டணங்கள் அதே அச்சில் வார்க்கப்படுகின்றன என்பதுதான் வியப்பு.

‘பணக்காரர்தானே அதிகம் எடுக்கிறார்?’ என்று நீங்கள் கேட்கலாம். பெரிய தோட்டமும் நீச்சல் குளமும் உள்ள சில வீடுகளைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் பெரும்பாலான வீடுகள் இருக்கும் நடுப்பகுதியில் நீரின் அளவைத் தீர்மானிப்பது வருமானத்தைவிட வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கைதான். ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதிப்பவர் கூடுதலாக இரண்டு முறை குளிப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் குளிப்பார்கள். நீரின் அளவைக் கொண்டு செல்வத்தை அளப்பது, அரிசியின் அளவைக் கொண்டு செல்வத்தை அளப்பது போன்றது.

கடைசி லிட்டரை யார் பார்க்கிறார்?

மேல்படி விலை சிக்கனத்தைக் கற்றுத்தரும் என்ற வாதத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அந்த வாதம் ஓர் எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. குழாயைத் திறக்கும்போது ‘இப்போது ஓடும் லிட்டர் எந்தப் படியில் இருக்கிறது, அதன் விலை என்ன’ என்று குடும்பத்தலைவி அறிந்திருக்க வேண்டும். மீட்டர் வாசலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. ரசீது எல்லாம் நடந்து முடிந்தபின் வருகிறது. கலிபோர்னியாவில் இதே போன்ற படிக்கட்டு முறையில் மின்கட்டணம் செலுத்தும் வீடுகளை ஆராய்ந்த கொய்ச்சிரோ இட்டோ 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டார். மக்கள் கடைசி அலகின் விலையைப் பார்த்து நடப்பதில்லை; மொத்தத் தொகையை மொத்த அளவால் வகுத்தால் வரும் சராசரி விலைக்கு ஏற்பவே நடந்துகொள்கிறார்கள். ஏறுபடிக் கட்டணத்தில் சராசரி எப்போதும் கடைசி அலகின் விலையைவிடத் தாழ்ந்தே இருக்கும். எனவே பட்டியலில் அச்சிட்ட மிரட்டல் வீட்டுக்குள் வரும்போது பாதியாகிவிடுகிறது. எல்லா ஆய்வும் இப்படிச் சொல்வதில்லை. கலிபோர்னியாவிலேயே சாந்தா குரூசு நகரில் புதிய மேல்படி ஒன்றைச் சேர்த்தபோது அதிகம் எடுத்தவர்கள் குறைத்துக்கொண்டது 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. விலை வேலை செய்யாது என்பது என் வாதமல்ல. படிகளின் நுணுக்கத்தை நம்பி மக்களின் நடத்தையை முன்கூட்டியே கணிப்பது கடினம் என்பதே.

மாற்று என்ன?

விட்டிங்டனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் ஜான் போலந்தும் ஒரு மாற்றை முன்வைத்தார்கள். எல்லா நீருக்கும் ஒரே விலை. ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு குறிப்பிட்ட தொகை கழிவு. நாமே ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். கிலோலிட்டருக்கு 25 ரூபாய், கழிவு 250 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 10 எடுக்கும் குடும்பத்துக்குத் தொகை பூஜ்யம். 20 எடுக்கும் தம்பதிக்கு 250 ரூபாய். 21-ஆனால் 275. இருபத்தோராவது கிலோலிட்டருக்கும் அதே 25 ரூபாய்தான். சுவர் போயிற்று, மடிப்பும் பத்தாவது கிலோலிட்டரோடு நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முற்றத்து வீட்டுக்கு என்ன ஆகிறது? மூன்று குடித்தனம், 30 கிலோலிட்டர், 750 ரூபாய். ஓர் இணைப்புக்கு ஒரு கழிவு போக 500 ரூபாய். முன்பு கட்டிய 810-ஐவிடக் குறைவுதான். ஆனாலும் தனித்தனி மீட்டர் இருந்தால் இவர்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. குறை சிறுத்திருக்கிறது, போகவில்லை. இந்த மாற்றைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துபோகிறார்கள். இன்னொன்றும் உண்டு. தனி பங்களாவில் 60 கிலோலிட்டர் எடுப்பவர் 2,992 ரூபாய்க்குப் பதில் 1,250 ரூபாய் கட்டினால் போதும். எந்த நகர மன்றத்திலும் இதை எழுந்து நின்று ஆதரிப்பது எளிதல்ல. அவருக்காக மேலே ஒரு படி வைக்கலாமே என்றால், ஆறு குடித்தன வீட்டின் மீட்டரும் அதே 60-ஐத்தான் காட்டுகிறது. பங்களாவையும் முற்றத்தையும் அந்த எண்ணைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

ஆகவே, படிகளை எப்படி வெட்டினாலும், ஒரு மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்ற எண் நிறுவனத்துக்கு வேண்டும். அது தெரிந்தால் வேலை எளிது. மூன்று குடும்பமானால் ஒவ்வொரு படியின் அகலத்தையும் மூன்றால் பெருக்கிவிடலாம், அல்லது மூன்று கழிவு தரலாம். நம் முற்றத்து வீட்டுக்கு அப்போது இலவச எல்லை அறுபது, தொகை பூஜ்யம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சில நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. அங்கே சங்கம் இருக்கிறது, கதவுகளில் எண் இருக்கிறது, யாரும் எண்ணிவிடலாம். முற்றத்து வீட்டில் அந்தப் பட்டியல் இல்லை. வாடகைக்காரர் எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சொன்னால் கழிவு அவர் பெயருக்கு வரும் ரசீதில்தான் விழும். அதை வாடகையில் குறைப்பாரா என்பது வேறு. குடும்ப அட்டையைக் கேட்கலாம். பிழைக்க வந்தவர்களின் அட்டை பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு மீட்டர் பொருத்தலாம். அப்போது முற்றத்துக் குழாயிலிருந்து ஒவ்வொரு சமையலறைக்கும் தனிக் குழாய் இழுக்க வேண்டும், பல பழைய வீடுகளில் அந்தச் சமையலறையே ஒரு தாழ்வாரத்தின் மூலைதான்.

உங்கள் ஊரின் கட்டணப் பட்டியல் கிடைத்தால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். படி எல்லையில் ஒரு கிலோலிட்டர் கூடும்போது தொகை எவ்வளவு கூடுகிறது என்று முதலில் பாருங்கள். அச்சிட்ட விகிதத்தைவிட அதிகமாக இருந்தால் அங்கே ஒரு சுவர் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் சேவைக் கட்டணத்தில். டில்லியிலேயே முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே அப்படி ஒரு சிறு சுவர் உண்டு. அச்சிட்ட விகிதப்படியும் கழிவுநீர்ப் பங்கின்படியும் 70 ரூபாய் கூட வேண்டிய இடத்தில் 143 ரூபாய் கூடுகிறது. அடுத்து, முதல் படியின் அகலத்தை முப்பதாலும் 135-ஆலும் வகுங்கள். வருகிற எண்தான் அந்தப் பட்டியலை எழுதியவர் உங்கள் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கை.